வவுச்சரிலிருந்து ஆடிட் ரிப்போர்ட் வரை: அந்தக் காகிதம் எதை நிரூபித்தது?

பி.காம். தேர்வில் ‘சான்றாய்வு தணிக்கையின் முதுகெலும்பு’ என்று எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். அதே மாணவர் ஆடிட்டர் அலுவலகத்தில் சேர்ந்ததும், வவுச்சர் ஃபைலைப் புரட்டிப் புரட்டி டிக் போடுவதுதான் சான்றாய்வு என்று நினைத்துக்கொள்கிறார். டிக் போட்ட கையோடு கேட்க வேண்டிய கேள்வியைப் பாடப்புத்தகமும் அழுத்திச் சொல்வதில்லை, சீனியருக்கும் சொல்ல நேரம் இருப்பதில்லை. இந்தக் காகிதம் எதை நிரூபித்தது, எதை நிரூபிக்கவில்லை என்பதே அது. ஆடிட் ரிப்போர்ட்டில் வரும் ஒவ்வொரு வாக்கியமும் அந்தக் கேள்விக்குக் கிடைத்த பதிலைப் பொறுத்துத்தான் அமைகிறது.

கணக்கோடு பார்த்தால்தான் இது பிடிபடும். கரூரில் படுக்கை விரிப்பு நெய்து விற்கும் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி இருப்பதாக வைத்துக்கொள்வோம். தணிக்கை ஆண்டு 2024-25. வரிக்கு முந்தைய லாபம் 60 லட்சம் ரூபாய் என்று கணக்கர் காட்டுகிறார். எவ்வளவு பெரிய பிழை இருந்தால் கணக்கைப் படிப்பவரின் முடிவு மாறும் என்று ஆடிட்டர் முதலிலேயே ஒரு வரம்பு வைத்துக்கொள்வார். இதற்கு மெட்டீரியாலிட்டி என்று பெயர். வரிக்கு முந்தைய லாபத்தில் 5 சதவீதம் என்பது பலரும் கைக்கொள்ளும் வழக்கம், சட்டம் அப்படிச் சொல்லவில்லை. நம் கம்பெனிக்கு அது 3 லட்சம் ரூபாய். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

ஒரே ஒரு பதிவு

‘இயந்திரப் பழுதுபார்ப்பு’ என்ற லெட்ஜரில் 14.11.2024 தேதியிட்ட பதிவு ஒன்று, தொகை 4,72,000 ரூபாய். வவுச்சரை எடுக்கிறோம். பின்னால் பில் இணைத்திருக்கிறது. பில்லில் 4,00,000 ரூபாயும் அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 72,000 ரூபாயும் சேர்ந்து 4,72,000. கம்பெனி பெயர் சரி. தேதி நிதியாண்டுக்குள் வருகிறது. இயக்குநரின் கையெழுத்து இருக்கிறது. பேங்க் ஸ்டேட்மென்டில் அதே தொகை அதே பெயருக்குப் போயிருக்கிறது. அவசரக்காரர் இந்த இடத்தில் டிக் போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்.

அவர் பார்த்ததில் தவறு ஒன்றும் இல்லை. பணம் போனது உண்மை, உரிய அனுமதியோடு போனது உண்மை, கூட்டல் சரி. ஆனால் பில்லில் எல்லோரும் தாண்டிப்போகும் கட்டம் ஒன்று உண்டு, பொருள் விவரம். அதில் ‘ஏர் கம்ப்ரசர், புதியது, 1 எண்ணம், பொருத்தும் கூலி உட்பட’ என்று இருக்கிறது. அப்படியானால் பழுது பார்த்த செலவு எங்கே இருக்கிறது? இது பல ஆண்டு உழைக்கப்போகும் இயந்திரம், நிலையான சொத்தில் ஏற வேண்டியது. அந்த 72,000 ரூபாயும் செலவு ஆகாது. கம்பெனி தன் விற்பனைக்கு ஜி.எஸ்.டி. கட்டுகிறது, எனவே தகுதியுள்ள உள்ளீட்டு வரியாக அதைத் தனியே எடுத்துக்கொள்ளலாம்.

சரி செய்தால் என்ன ஆகும்? செலவிலிருந்து 4,72,000 ரூபாய் வெளியே வரும். நான்கு லட்சம் ரூபாய் இயந்திரத்துக்கு 15 ஆண்டு ஆயுள், 5 சதவீத எச்ச மதிப்பு, நேர்கோட்டு முறை என்று எடுத்தால் முழு ஆண்டுத் தேய்மானம் 25,333 ரூபாய். நவம்பர் நடுவிலிருந்து மார்ச் முடிய நாலரை மாதத்துக்குச் சுமார் 10,000 ரூபாய். ஆக, லாபம் 4.62 லட்சம் குறைவாகக் காட்டப்பட்டிருக்கிறது. வரம்பான 3 லட்சத்தைத் தாண்டிவிட்டது.

இதில் திருட்டு நோக்கம் இருக்க வேண்டும் என்பதில்லை. பெரும்பாலும் நடப்பது வேறு. அந்தக் கடைக்காரர் இதுவரை கம்பெனிக்கு ரிப்பேர் வேலைதான் செய்து கொடுத்திருப்பார். டேலியில் அவர் பெயரைத் தட்டியதும் கணக்கரின் விரல் பழக்கத்தில் ‘பழுதுபார்ப்பு’ லெட்ஜரைத் தேர்ந்தெடுத்திருக்கும். சான்றாய்வில் பில்லின் தொகையைப் படிப்பதைவிட பில்லில் எழுதியிருப்பதைப் படிப்பது முக்கியம் என்று சொல்வது இதனால்தான்.

மோசடி இருக்கும் வவுச்சர்கள் வேறு மாதிரி பேசும். அதே கம்பெனியில் ‘உதிரிபாகம்’ என்ற தலைப்பில் சிறு ரொக்கச் செலவுகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். மே மாதம் 9,800 ரூபாய், ஆகஸ்டில் 9,650, டிசம்பரில் 9,900. மூன்றும் ஒரே கடையின் பில். ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்தால் குறை சொல்ல ஏதுமில்லை. மூன்றையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பில் எண்கள் 41, 42, 43 என்று வரிசையாக நிற்கின்றன. அதாவது மே முதல் டிசம்பர் வரை அந்தக் கடைக்கு இந்தக் கம்பெனியைத் தவிர வேறு வாடிக்கையாளரே இல்லை! பில் புத்தகம் கடையில் இல்லை, கம்பெனிக்குள் யாருடைய மேஜை இழுப்பறையிலோ இருக்கிறது என்ற சந்தேகம் நியாயமாகவே எழும். ஒரே நபருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வருமான வரியில் அந்தச் செலவைக் கழிக்க முடியாது. தொகைகள் எல்லாம் அந்தக் கோட்டுக்குச் சற்றுக் கீழே நின்றுகொண்டிருப்பதும் ஒரு சைகை. பில்லில் ஜி.எஸ்.டி. எண் போட்டிருந்தால் அரசின் ஜி.எஸ்.டி. தளத்தில் தட்டிப் பார்க்க ஒரு நிமிடம் போதும். பதிவு எந்தப் பெயரில் இருக்கிறது, எப்போது தொடங்கியது, ரத்தாகிவிட்டதா என்பதெல்லாம் தெரிந்துவிடும். பழைய ஆடிட்டர்களுக்குக் கிடைக்காத வசதி இது.

எந்தப் பக்கமிருந்து நடக்கிறோம்

இதுவரை செய்ததெல்லாம் லெட்ஜரிலிருந்து வவுச்சருக்குப் போனது. கணக்கில் இருக்கும் பதிவை எடுத்து, அதற்கு ஆதாரம் இருக்கிறதா என்று தேடினோம். இந்தத் திசையில் நடந்தால் நடக்காத ஒன்றைக் கணக்கில் ஏற்றியிருப்பது பிடிபடும். ஆனால் நடந்த ஒன்றைக் கணக்கில் ஏற்றாமல் விட்டிருந்தால் இந்த வழியில் ஒரு நாளும் தெரியாது. லெட்ஜரில் இல்லாத பதிவை லெட்ஜரிலிருந்து எப்படி எடுக்க முடியும்?

அதற்கு எதிர்த்திசையில் நடக்க வேண்டும். கேட்டில் காவலாளி எழுதும் சரக்கு வெளியேற்றப் பதிவேட்டை எடுத்து, ஒவ்வொரு லாரிக்கும் விற்பனை இன்வாய்ஸ் இருக்கிறதா, அந்த இன்வாய்ஸ் விற்பனைக் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கொள்முதலுக்கு சரக்கு வரவுப் பதிவேட்டிலிருந்து தொடங்க வேண்டும். கடன்கள் மறைக்கப்பட்டிருக்கின்றனவா என்று அறிய ஏப்ரல், மே மாதங்களில் பேங்கிலிருந்து போன பணத்தைப் பார்த்து, அதில் எவை மார்ச்சுக்கு முந்தைய பில்கள் என்று பின்னோக்கிப் போவார்கள்.

விற்பனையையும் சொத்தையும் ஊதிக் காட்ட நினைப்பவர் இல்லாததைச் சேர்ப்பார், செலவையும் கடனையும் குறைத்துக் காட்ட நினைப்பவர் இருப்பதை விடுவார். எது நடந்திருக்கக்கூடும் என்று முதலில் யோசித்தால்தான் எந்தத் திசையில் நடப்பது என்று முடிவெடுக்க முடியும். தேர்வில் ‘சான்றாய்வின் நோக்கங்கள்’ என்று எட்டுப் புள்ளி எழுதுபவர்கள்கூட இந்தத் திசைக் கணக்கை விட்டுவிடுகிறார்கள். என் பார்வையில் இதைத்தான் முதல் வகுப்பிலேயே சொல்ல வேண்டும்.

எல்லா வவுச்சரையும் பார்க்க முடியாது என்பதையும் இங்கே சொல்லிவிடலாம். பெரிய தொகைகளை முழுவதுமாகப் பார்ப்பார்கள், மற்றவற்றில் மாதிரி எடுப்பார்கள். மாதிரி எடுக்கும்போது எதைப் பார்ப்பது என்பதைக் கம்பெனிக் கணக்கர் முடிவு செய்யக் கூடாது. ‘இந்த மாச ஃபைல் ரெடியா இருக்கு சார், இதையே பாருங்க’ என்று எடுத்துக் கொடுத்தால், வேறு மாதத்தைக் கேட்பது நல்லது.

சான்று யார் கை வழியாக வந்தது

தணிக்கைச் சான்று போதுமானதாகவும் பொருத்தமானதாகவும் இருக்க வேண்டும் என்று இந்தியத் தணிக்கைத் தரநிலைகளில் ஒன்றான எஸ்.ஏ. 500 சொல்கிறது. போதுமானது என்பது அளவு, பொருத்தமானது என்பது தரம். தரத்தை எடைபோட அந்தத் தரநிலை சில வழிகள் காட்டுகிறது. கம்பெனிக்கு வெளியே பிறந்த சான்று உள்ளே பிறந்ததைவிட நம்பத்தக்கது. ஆடிட்டர் தானே நேரில் பெற்றது, இன்னொருவர் கொண்டுவந்து கொடுத்ததைவிட நம்பத்தக்கது. எழுத்தில் இருப்பது வாய்ச்சொல்லைவிட மேல், அசல் ஜெராக்ஸைவிட மேல்.

இவற்றில் முதலிரண்டைச் சேர்த்தே படிக்க வேண்டும். வெளியே பிறந்த காகிதமாகவே இருந்தாலும் அது கம்பெனியின் கை வழியாக வந்து சேர்ந்தால் அதன் வலு குறைந்துவிடும். இதற்கு இந்தியாவில் எல்லோரும் அறிந்த பாடம் சத்யம் கம்ப்யூட்டர்ஸ்.

2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு இயக்குநர் குழுவுக்குக் கடிதம் எழுதினார். 2008 செப்டம்பர் 30 தேதியிட்ட ஐந்தொகையில் ரொக்கமும் வங்கி இருப்பும் சேர்த்து 5,361 கோடி ரூபாய் என்று காட்டியிருந்தது. அதில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று அவர் ஒப்புக்கொண்டார். வராத வட்டி 376 கோடி ரூபாயும் சொத்தாக நின்றிருந்தது. பேங்க் இருப்பு என்பது தணிக்கையில் சரிபார்க்க மிக எளிதான இனம். பேங்கைக் கேட்டால் போதும். பிறகு எப்படித் தப்பியது?

அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்கு அமைப்பான எஸ்.இ.சி. 2011 ஏப்ரலில் தன் முடிவை வெளியிட்டது. பேங்க் இருப்பை உறுதிசெய்யும் கடிதங்களை அனுப்புவதும் பதிலைப் பெறுவதும் ஆடிட்டரின் கட்டுப்பாட்டில் இல்லை, கம்பெனி நிர்வாகத்தின் கையில் விடப்பட்டிருந்தது என்பது அதன் கண்டுபிடிப்பு. தணிக்கை செய்த பிரைஸ் வாட்டர்ஹவுஸ் இந்திய நிறுவனங்கள் குற்றச்சாட்டை ஒப்புக்கொள்ளாமலும் மறுக்காமலும் எஸ்.இ.சி.க்கு 60 லட்சம் டாலரும், அமெரிக்கத் தணிக்கைக் கண்காணிப்பு அமைப்புக்கு 15 லட்சம் டாலரும் அபராதம் கட்ட இசைந்தன.

மாணவர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒரு சிறு நடைமுறை. இருப்பு உறுதிக் கடிதத்தில் கையெழுத்திட வேண்டியது கம்பெனி, ஏனென்றால் வாடிக்கையாளரின் ஒப்புதல் இல்லாமல் பேங்க் தகவல் தராது. ஆனால் அதைத் தபாலில் சேர்ப்பது அல்லது மின்னஞ்சலில் அனுப்புவது ஆடிட்டரின் வேலை. முகவரியை கம்பெனி கொடுத்த தாளிலிருந்து மட்டும் எடுக்காமல் தனியே சரிபார்க்க வேண்டும். பதில் நேராக ஆடிட்டர் அலுவலகத்துக்கு வர வேண்டும். மின்னஞ்சலில் வந்தால் அது பேங்கின் அதிகாரபூர்வ முகவரியிலிருந்து வந்ததா என்று பார்க்க வேண்டும். கணக்கர் அன்போடு ‘நானே பேங்குக்குப் போய் வாங்கிட்டு வந்துட்டேன் சார்’ என்று முத்திரையிட்ட தாளை நீட்டினால், அதை வாங்கிக்கொண்டு இன்னொரு கடிதத்தைத் தனியே அனுப்ப வேண்டியதுதான்.

நம் கரூர் கம்பெனிக்குத் திரும்புவோம். வாடிக்கையாளர்களிடமிருந்து வர வேண்டிய தொகைக்கும் இதே முறையில் கடிதம் போகிறது. சென்னையில் உள்ள ஒரு மொத்த வியாபாரி 38 லட்சம் தர வேண்டும் என்று கணக்கு சொல்கிறது. அவரிடமிருந்து நேராக வந்த பதிலில் 31 லட்சம் என்று இருக்கிறது. ஏழு லட்சம் உதைக்கிறது.

கணக்கர் தரும் விளக்கம் ‘மார்ச் கடைசியில் ஒரு பில் போட்டோம், அவங்க ஏப்ரலில்தான் ஏத்தியிருப்பாங்க’ என்பது. இருக்கலாம், இப்படி நடப்பது சாதாரணம். விளக்கத்தைக் குறித்துக்கொண்டு ஆதாரத்தைத் தேடுகிறோம். இன்வாய்ஸ் தேதி 29.03.2025. லாரி ரசீதின் தேதி 03.04.2025. ஈ-வே பில்லும் ஏப்ரல் 3 என்கிறது. கேட் பதிவேட்டிலும் அன்றுதான் லாரி வெளியே போனதாகப் பதிவு. மார்ச் 31 அன்று சரக்கு கம்பெனிக் கிடங்கிலேயே இருந்திருக்கிறது. ஆண்டுக்கான விற்பனையாக அதைக் காட்டியது தவறு.

இதோடு விடக் கூடாது. மார்ச் 31 அன்று சரக்கு எண்ணிய தாள்களை எடுத்துப் பார்க்கிறோம். அதே பேல்கள் இருப்புச் சரக்கிலும் எண்ணப்பட்டிருக்கின்றன. அதாவது விற்றதாகவும் காட்டியாயிற்று, கையில் இருப்பதாகவும் காட்டியாயிற்று. எண்ணிக்கையில் விடுபட்டிருந்தால் விற்பனையைக் குறைத்துச் சரக்கின் அடக்கவிலையைக் கூட்டியிருப்போம், லாபத்தில் பாதிப்பு சிறியதாக இருந்திருக்கும். இரண்டிலும் இருப்பதால் முழு ஏழு லட்சமும் லாபத்தில் கூடுதலாக நிற்கிறது. ஜி.எஸ்.டி.யை எளிமைக்காக இங்கே தள்ளி வைத்திருக்கிறேன்.

வெளியிலிருந்து வந்த ஒரு கடிதம் ஏழு லட்சம் வேறுபாட்டைக் காட்டியது. வவுச்சரும் லாரி ரசீதும் அதன் காரணத்தைக் காட்டின. எண்ணிக்கைத் தாள் லாபத்தின் மீதான விளைவைக் காட்டியது. ஒவ்வொன்றும் தனியே இருந்திருந்தால் அரைகுறைதான்.

பதிலே வராத வாடிக்கையாளர்களும் உண்டு, சொல்லப்போனால் அவர்கள்தான் அதிகம். அவர்களுக்கு ஏப்ரலுக்குப் பிறகு பணம் வந்ததா என்று பேங்க் ஸ்டேட்மென்டில் பார்ப்பார்கள். வந்த பணம் குறிப்பிட்ட மார்ச் பில்லுக்கானது என்று பொருந்தினால் அது நல்ல மாற்றுச் சான்று. நிர்வாகம் ‘எல்லாம் வசூலாகிவிடும்’ என்று எழுத்தில் உறுதி தருவதும் தேவையான தாள்தான், தரநிலையே அதைக் கேட்கச் சொல்கிறது. ஆனால் வேறு சான்று கிடைக்கக்கூடிய இடத்தில் அந்த உறுதிமொழி மட்டும் போதாது.

இரண்டு பிழையும் ஒன்றையொன்று அழித்துவிடுமா

இப்போது நம் கையில் இரண்டு பிழைகள். கம்ப்ரசரால் லாபம் 4.62 லட்சம் குறைவு, முன்கூட்டிய விற்பனையால் 7 லட்சம் அதிகம். நிகரமாக 2.38 லட்சம் அதிகம். நம் வரம்பு 3 லட்சம். ‘வரம்புக்குள்தானே சார் இருக்கு, விட்டுடலாம்’ என்று கணக்கர் சொல்வார். கூட்டல் கழித்தல் சரியாகத்தான் இருக்கிறது.

விடக் கூடாது. பிழைகளைத் தனித்தனியாகவும் மொத்தமாகவும் எடைபோட வேண்டும் என்கிறது எஸ்.ஏ. 450. விற்பனை பெரிய அளவில் மிகைப்படுத்தப்பட்டிருந்தால், செலவும் அதே அளவு மிகைப்பட்டு லாபத்தில் விளைவு மறைந்துபோனாலும் கணக்கு பிழையானதே என்று அதன் விளக்கப் பகுதி ஏறக்குறைய நம் உதாரணத்தையே சொல்கிறது. காரணம் எளிது. ஐந்தொகையில் இருக்க வேண்டிய இயந்திரம் இல்லை, இருக்கக் கூடாத ஏழு லட்சம் வரவேண்டிய தொகையாக இருக்கிறது. பேங்க் மேலாளர் கடன் கொடுக்கும் முன் விற்பனையையும் வரவேண்டிய தொகையையும் பார்ப்பார், நிகர லாபத்தோடு நின்றுவிட மாட்டார்.

எனவே ஆடிட்டர் இரண்டையும் திருத்தச் சொல்கிறார். இயக்குநர்கள் ஒப்புக்கொண்டு கணக்கைத் திருத்தினால், ஆடிட் ரிப்போர்ட்டில் இதைப் பற்றி ஒரு வரியும் வராது. மாணவர்கள் பலருக்கு இது ஆச்சரியம். தணிக்கையில் கண்ட குறைகளின் பட்டியல்தான் ரிப்போர்ட் என்று நினைக்கிறார்கள். ரிப்போர்ட் பேசுவது இறுதியாக வெளியிடப்படும் கணக்கைப் பற்றி மட்டுமே. வழியில் கண்டதும் திருத்தியதும் ஆடிட்டரின் பணித்தாள்களில் இருக்கும், உள் கட்டுப்பாட்டில் ஓட்டை இருந்தால் நிர்வாகத்துக்குத் தனிக் கடிதமாகப் போகும்.

திருத்த மறுத்தால்

அப்போதுதான் ரிப்போர்ட்டின் வாசகம் மாறும். ஆடிட்டர் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்கிறார். கணக்கு தவறு என்று எனக்குச் சான்றோடு தெரியுமா, அல்லது சரியா தவறா என்று சொல்லவே சான்று கிடைக்கவில்லையா? இது முதல் கேள்வி. அந்தப் பாதிப்பு ஓரிடத்தில் அடங்குகிறதா, கணக்கு முழுவதும் பரவியிருக்கிறதா? இது இரண்டாவது. எஸ்.ஏ. 705 முழுவதும் இந்த இரண்டு கேள்விகளின் மேல்தான் நிற்கிறது.

நம் கம்பெனி திருத்த மறுத்தால் பிழை தெரிந்த பிழை, விற்பனையிலும் கடனாளிகளிலும் இயந்திரத்திலும் அடங்குகிறது. ரிப்போர்ட் குவாலிஃபைடு ஆகும். தமிழ்ப் பாடநூல்கள் நிபந்தனையுள்ள அறிக்கை என்கின்றன. கருத்துப் பத்தி ஏறக்குறைய இப்படி இருக்கும்: ‘கீழே அடிப்படைப் பத்தியில் குறிப்பிட்ட விஷயங்களின் விளைவுகளைத் தவிர, இந்த நிதிநிலை அறிக்கைகள் கம்பெனியின் நிலையைப் பற்றி உண்மையும் நியாயமுமான தோற்றத்தைத் தருகின்றன.’ அடிப்படைப் பத்தியில் எந்தத் தேதி விற்பனை, எவ்வளவு, சரி செய்திருந்தால் லாபமும் கடனாளிகளும் எவ்வளவு மாறியிருக்கும் என்று ரூபாய்க் கணக்கோடு எழுத வேண்டும். ‘சில விற்பனைகள் சரியாகப் பதியப்படவில்லை’ என்று மொட்டையாக எழுதினால் படிப்பவருக்குப் பயனில்லை.

ஒரு பில்லுக்குப் பதிலாக மார்ச் மாத விற்பனையில் பெரும்பகுதியே இப்படிச் சோடிக்கப்பட்டது என்று சான்று கிடைத்திருந்தால்? விற்பனை, கடனாளிகள், சரக்கு, வரி, லாபம் எல்லாவற்றிலும் பிழை பரவிவிடும். ‘தவிர’ என்று சொல்லித் தனியே ஒதுக்கிவைக்க எதுவும் மிஞ்சாது. கணக்கு உண்மையான தோற்றத்தைத் தரவில்லை என்றே சொல்ல வேண்டும். இது எதிர்மறைக் கருத்து.

சான்று கிடைக்காத நிலைமை வேறு. ஆடிட்டர் நியமிக்கப்பட்டதே ஜூன் மாதம், மார்ச் 31 சரக்கு எண்ணிக்கையை அவர் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். உடனே கைவிரிக்க முடியாது. வேறொரு நாளில் தான் நேரில் எண்ணிப் பார்த்து, இடையில் வந்த, போன சரக்கைக் கூட்டிக் கழித்து மார்ச் 31 அளவுக்குப் பின்னோக்கிப் போக முயல வேண்டும். பதிவேடுகள் ஒழுங்காக இருந்தால் முடியும். இல்லாவிட்டால், சரக்கு மட்டும்தான் சிக்கல் என்றால் நிபந்தனையுள்ள கருத்து. சரக்கோடு கொள்முதல் பில்கள், பேங்க் பதில்கள், கடனாளி விவரம் என்று பலவும் கிடைக்கவில்லை என்றால், கருத்தே சொல்ல முடியவில்லை என்று ஆடிட்டர் எழுத வேண்டும். டிஸ்கிளெய்மர் என்பது அதுதான். எதிர்மறைக் கருத்தில் ஆடிட்டருக்குத் தெரியும், கணக்கு தவறு. டிஸ்கிளெய்மரில் அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வழியும் கிடைக்கவில்லை. தேர்வில் அதிகம் குழம்பும் இடம் இது.

வலியுறுத்தும் பத்தி என்று ஒன்றும் உண்டு. கணக்கில் ஏற்கெனவே சரியாக விளக்கப்பட்டிருக்கும் ஒரு பெரிய விஷயத்தை, உதாரணமாக முடிவு தெரியாத பெரிய வழக்கை, படிப்பவர் தவற விடாமல் சுட்டிக்காட்டுவது அது. அங்கே கருத்து மாறுவதில்லை. குவாலிஃபை செய்யத் தயங்கும் ஆடிட்டர் அந்த விஷயத்தை வலியுறுத்தும் பத்தியில் ஒளித்து வைப்பதும் நடக்கிறது. தரநிலை அதை அனுமதிக்கவில்லை.

ரிப்போர்ட்டை எங்கிருந்து படிப்பது

எஸ்.ஏ. 700-இன் திருத்தப்பட்ட வடிவம் 2018 ஏப்ரல் 1 முதல் தொடங்கும் ஆண்டுகளுக்கு நடைமுறைக்கு வந்தது. அதன்படி கருத்து முதலில் வரும், அதற்கான அடிப்படை அடுத்து. நிர்வாகத்தின் பொறுப்பு, ஆடிட்டரின் பொறுப்பு எல்லாம் பின்னால். எந்தக் கம்பெனியின் ஆண்டறிக்கையைத் திறந்தாலும் முதல் இரண்டு தலைப்புகளைப் படித்தாலே பாதி தெரிந்துவிடும். தலைப்பில் வெறும் ‘கருத்து’ என்று இருக்கிறதா, அதன் முன்னால் வேறு சொல் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

பின்பகுதியில் சட்டம் கேட்கும் பதில்கள் வரும். வங்கி, காப்பீட்டுக் கம்பெனிகள், சிறிய பிரைவேட் கம்பெனிகள் போன்ற சில வகைகளைத் தவிர மற்றவற்றுக்கு, ஆடிட்டர் பதில் சொல்ல வேண்டிய கேள்விகளைப் பட்டியலிடும் அரசாணையான காரோ 2020 பொருந்தும். அதில் ஒரு கேள்வி எனக்குப் பிடித்தமானது. பேங்கிலிருந்து 5 கோடி ரூபாய்க்கு மேல் நடைமுறை மூலதனக் கடன் வரம்பு பெற்ற கம்பெனி, காலாண்டுதோறும் பேங்குக்குக் கொடுத்த சரக்கு, கடனாளி விவரங்கள் கணக்குப் புத்தகத்தோடு ஒத்துப்போகின்றனவா என்று அது கேட்கிறது. பேங்குக்கு ஒரு சரக்கு, வரிக்கு ஒரு சரக்கு என்று வைத்திருந்த காலத்துப் பழக்கத்தின் மேல் கைவைத்த கேள்வி. இன்னொன்று, 2023 ஏப்ரல் முதல் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு பதிவின் திருத்த வரலாறும் தானாகப் பதிவாகும் வசதி இருந்தாக வேண்டும். அது ஆண்டு முழுக்க இயங்கியதா, யாரேனும் அதில் கைவைத்தார்களா என்று ஆடிட்டர் சொல்ல வேண்டும். கம்ப்ரசர் பதிவு முதலில் எந்த லெட்ஜரில் போடப்பட்டது, எப்போது யார் மாற்றினார்கள் என்பதை இப்போது அங்கேயே பார்த்துவிடலாம்.

கடைசியில் கையெழுத்து, உறுப்பினர் எண், யூ.டி.ஐ.என். என்ற 18 இலக்க அடையாளம், ஊர், தேதி. அந்த அடையாளத்தைப் பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் தளத்தில் தட்டி, ரிப்போர்ட் உண்மையிலேயே ஒரு பட்டயக் கணக்காளர் கொடுத்ததுதானா என்று யாரும் சரிபார்க்கலாம். தேதியும் அலங்காரத்துக்கு இல்லை. கருத்துக்குத் தேவையான சான்று எல்லாம் கிடைத்து, இயக்குநர் குழு கணக்கை ஏற்ற பிறகுதான் ரிப்போர்ட்டில் தேதி போட முடியும். சென்னை வியாபாரியின் பதிலுக்காகக் காத்திருந்து, அது ஆகஸ்ட் 20 அன்று வந்து, ஏழு லட்சம் திருத்தம் முடிந்து குழு ஒப்புக்கொண்டது ஆகஸ்ட் 28 என்றால், ரிப்போர்ட்டில் ஆகஸ்ட் 28-க்கு முந்தைய தேதி இருக்க முடியாது. அதிலிருந்து 60 நாளுக்குள் பணித்தாள் ஃபைலை ஒழுங்குபடுத்தி மூட வேண்டும். பில் எண் 41, 42, 43-இன் நகலும், யாரிடம் கேட்டோம், என்ன சொன்னார்கள் என்ற குறிப்பும் அதற்குள் இருக்க வேண்டும். ரிப்போர்ட் தேதியிலிருந்து குறைந்தது ஏழு ஆண்டுகள் அந்த ஃபைலைக் காப்பாற்றி வைக்க வேண்டும்.